“என்னட்டைத்தான் முதல் சொன்னவ”

கேள்வி: நான் கிளிநொச்சியில் இருந்து முல்லைத்தீவு மாவட்டத்துப் பாடசாலை ஒன்றுக்கு வானில் போய்வரும் ஆசிரியை. கலியாணம் முடிந்து ஐந்து வருசம், பிள்ளை இல்லை. யாழ்ப்பாணத்தில் மருந்து எடுக்கிறேன். அதற்காக இடமாற்றம் கேட்டு எழுதலாமோ என்று யோசிப்பதை, வானில் பக்கத்தில் இருந்து வரும் சக ரீச்சரிடம் சொன்னேன். வயதில் மூத்தவ, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு கிழமை போகமுன்னம் அதிபர், “ரீச்சர், போகப்போறியளாமே?” என்று கேட்டார். பிறகு இன்னொரு ரீச்சர் இடைவேளைக்குள் வந்து ஒரு வேர் மருந்து சொன்னா. “ஆர் உங்களுக்குச் சொன்னது?” என்றதற்கு, “அக்காதான். பாவம், என்னட்டைத்தான் முதல் சொன்னவ எண்டு கவலைப்பட்டவ” என்றா. அக்கா இப்பவும் பழையபடி சிரித்துக் கதைக்கிறா. எனக்குத்தான் நித்திரை இல்லை. இது அவவின் பெருமைக் குணமா, இல்லாட்டில் வாய் காவாத கவனயீனமா? நேரே கேட்பதா, விடுவதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது “என்னட்டைத்தான் முதல் சொன்னவ” என்ற வசனம். வெறும் கவனயீனத்தில் வாய் தவறுகிறவர் அப்படிச் சொல்லமாட்டார். அவர் வாயில் “அந்த ரீச்சர் யாழ்ப்பாணத்தில மருந்து எடுக்கிறாவாம்” என்று விசயம் மட்டும்தான் வரும். யார் யாரிடம் முதலில் சொன்னார் என்ற கணக்கு அதற்குள் இருக்காது. “என்னட்டைத்தான் முதல்” என்பது உங்களைப் பற்றிய செய்தி இல்லை, அவவைப் பற்றிய செய்தி. ஆகவே இதில் பெருமை இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் எந்தப் பெருமை என்று பார்க்கவேண்டும். ஒருவருடைய கஷ்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரைவிட உயர்ந்து நிற்கும் பெருமை ஒன்று. இளையவள் ஒருத்தி தன்னை நம்பி மனம் திறந்தாள் என்ற பெருமை இன்னொன்று. முதலாவது உங்களைக் கீழே இறக்கும். இரண்டாவது உங்களை நெருக்கமாகக் காட்டிக்கொள்ளும். இரண்டிலும் உங்கள் விசயம் வெளியே போய்விடுகிறது, நோவும் ஒன்றுதான். ஆனால் அவவோடு இனி எப்படி நடப்பது என்பது, எது நடந்தது என்பதைப் பொறுத்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்த வசனத்தை அக்காவின் வாயிலிருந்து நீங்கள் கேட்கவில்லை. வேர் மருந்து சொன்ன ரீச்சரின் வாயால் கேட்டிருக்கிறீர்கள். வாய்க்கு வாய் போகும் கதை என்ன ஆகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் கோர்டன் ஆல்போர்ட்டும் லியோ போஸ்ட்மனும் 1947 இல் எழுதினார்கள். ஒரு படத்தைப் பார்த்தவர் அதை இன்னொருவருக்கு விவரிக்க, அவர் அடுத்தவருக்குச் சொல்ல, இப்படியே கை மாற்றிப் பார்த்தார்கள். ஐந்தாறு வாய் தாண்டுவதற்குள் விபரங்களில் சுமார் 70 வீதம் உதிர்ந்துவிட்டது. மிஞ்சியது சின்னதாகவும் கூர்மையாகவும் இருந்தது. “எழுதலாமோ என்று யோசிக்கிறன்” என்பதில் முதலில் உதிர்வது அந்த “யோசிக்கிறன்”தான். உங்கள் அதிபருக்கு வந்து சேர்ந்தது “போகப்போறா” மட்டுமே. இதை அக்கா திரித்துச் சொன்னா என்பதற்குச் சான்றாக எடுக்காதீர்கள். அவ சரியாகச் சொல்லியிருந்தாலும் இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கக் கூடும்.

அதிபர் இடமாற்றத்தைப் பற்றி மட்டும் கேட்டார், மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. இதிலிருந்து ஒரு முடிவுக்கு வர ஆசை வரும்: அக்கா அதிபரிடம் பாதியை மட்டும் சொன்னா, மற்ற ரீச்சரிடம் முழுவதையும் சொன்னா, அப்படியென்றால் அளந்து பார்த்துத்தான் சொல்லியிருக்கிறா என்று. அவசரப்படாதீர்கள். நம் பக்கத்து அதிபர் ஒருவர், அதுவும் ஆண் என்றால், முழுவதும் தெரிந்திருந்தாலும் பெண் ஆசிரியையிடம் பிள்ளை மருந்தைப் பற்றி வாய் திறக்கமாட்டார். அவருக்குக் கவலை, உங்கள் பாடத்துக்கு அடுத்த தவணை ஆளைத் தேடுவது. ஒருவர் உங்களிடம் எதைக் கேட்டார் என்பதை வைத்து அவருக்கு எவ்வளவு தெரியும் என்று அளக்க முடியாது. யார் சொன்னது, எவ்வளவு சொன்னது என்று இரவு முழுக்கப் படுக்கையில் கணக்குப் பார்ப்பது அதனால்தான் ஒரு முடிவுக்கும் வருவதில்லை.

நான் பார்ப்பது வேறு இடத்தை. செய்தி உங்களிடம் திரும்பி வந்தபோது அதனோடு என்ன வந்தது? ஒரு வேர் மருந்து வந்தது, “பாவம்” வந்தது. நக்கல் வரவில்லை. “அதுதான் இவ அடிக்கடி லீவு எடுக்கிறா” என்ற குத்தல் வரவில்லை. புருசனில் குறையா, பெண்ணில் குறையா என்ற ஆராய்ச்சியும் வரவில்லை. கேட்டவர் எந்த மனநிலையில் கேட்டாரோ அந்த மனநிலையில்தான் திரும்பிப் பேசுவார். ஒருவரைத் தாழ்த்திச் சொன்ன கதையைக் கேட்டவர் அவருக்கு மருந்து தேடி வருவது அரிது. அதனால் அக்கா அதைக் கவலையாகத்தான் சொல்லியிருக்கிறா என்று கொள்கிறேன். கவலையோடு தன் நெருக்கத்தையும் கொஞ்சம் காட்டியிருக்கிறா.

(அந்த வேரை, யாழ்ப்பாணத்தில் உங்களைப் பார்க்கும் வைத்தியரிடம் கேட்காமல் வாயில் வைக்கவேண்டாம். குளிசைகளோடு எது சேரும், எது சேராது என்று இடைவேளைக்குள் யாராலும் சொல்ல முடியாது.)

இன்னொன்றும் உண்டு. பாரமான விசயத்தைக் கேட்டவருக்கும் அது பாரம்தான். பெல்ஜியத்து உளவியலாளர் பெர்னார் ரிமே பல வருடம் ஆராய்ந்தது இதைத்தான். மனதைத் தாக்கிய அனுபவத்தை மனிதர் யாரிடமாவது சொல்லாமல் இருப்பது அரிது. அவரும் அவரோடு ஆய்வு செய்தவரும் 1997 இல் வெளியிட்டது அடுத்த படியைப் பற்றியது: அதைக் கேட்டவரும் பெரும்பாலும் இன்னொருவரிடம் சொல்லிவிடுகிறார். கேட்டது எவ்வளவு கனமோ, அவ்வளவுக்குக் கூடுதலாகச் சொல்கிறார். நம்பிச் சொன்ன விசயமும் இதற்கு விலக்கில்லை. இந்த இடத்தில் பெருமை, கவனயீனம் என்ற இரண்டு பெட்டிக்குள்ளும் அடங்காத ஒன்று இருக்கிறது. நீங்கள் அந்த வான் சீட்டில் இறக்கி வைத்ததை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோய், பிறகு தன் பாரத்தை இறக்க ஓர் ஆளைத் தேடியிருக்கலாம். அவவுக்கோ, அவவின் தங்கைக்கோ, மகளுக்கோ இதேபோல ஒரு கதை இருந்ததா என்று உங்களுக்குத் தெரியுமா? இருந்தால், அவ சொன்னது பாதி உங்கள் கதை, பாதி தன் கதை.

வன்னியில் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2009 இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாமில் இருந்தவர்களுக்குத் தெரியும், யார் உயிரோடு, எந்தச் சோனில் என்பதெல்லாம் ஆளுக்காள் கேட்டும் சொல்லியும்தான் வந்து சேர்ந்தது. ஒருவருடைய கஷ்டத்தைப் பத்துப் பேருக்குச் சொன்னால்தான் பதினோராவது ஆள் ஒரு வழி சொல்வார். அந்தக் காலத்தைக் கடந்து வந்த ஒரு தலைமுறைக்கு, மற்றவரின் துன்பத்தை எடுத்துச் சொல்வது துரோகமாகத் தெரிவதில்லை, உதவியாகத்தான் தெரிகிறது. இதை அக்காவுக்குச் சாட்டாகச் சொல்லவில்லை. காணாமல்போன தம்பியைத் தேடுவதற்குச் சொல்வதும், ஒரு பெண்ணின் கர்ப்பப்பையைப் பற்றிச் சொல்வதும் ஒன்றல்ல. ஆனால் அந்த வித்தியாசத்தை அவ தானாக அறிந்திருக்கவேண்டும் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கிறீர்கள். “இது உங்களோடை இருக்கட்டும்” என்று அன்றைக்குச் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. பெரும்பாலும் நாங்கள் சொல்வதுமில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னாலே அது இரகசியம் என்று மற்றவருக்கு விளங்கிவிடும் என்று நம்புகிறோம். வான் இரைச்சலில் குரல் தாழ்ந்தது அவவுக்கு விளங்கியிருக்காது.

இப்போது பழையபடி சிரித்துக் கதைக்கிறா என்பதற்கு வருவோம். உங்களை ஆகக் கூட நோகடிப்பது இதுதான், அதனால்தான் “பெருமைக் குணமா” என்று கேட்கிறீர்கள். செய்ததைச் செய்துவிட்டு வெட்கமில்லாமல் சிரிக்கிறா என்று படுகிறது. எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. பிழை செய்ததைத் தெரிந்தவர் ஒன்றில் ஒதுங்குவார், வானில் சீட்டை மாற்றுவார், இல்லாட்டில் அளவுக்கு மிஞ்சி இனிப்பார், வீட்டில் செய்த பலகாரத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். மாற்றமே இல்லாமல் இருப்பவருக்கு, தான் ஒன்றும் செய்யவில்லை என்ற எண்ணம் இருக்கவே கூடுதல் வாய்ப்பு.

உண்மையாகவே உயர்ந்து நிற்கும் பெருமை எப்படி இருக்கும் என்று காட்ட, என்னிடம் வந்த ஒருவரின் கதையை அடையாளம் மாற்றிச் சொல்கிறேன். அவர் ஒரு செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். நுண்கடன் கம்பனியில் எடுத்த கடன் முட்டிப் போய், கிழமைக்குக் கிழமை ஆள் வீட்டுக்கு வருவதை உடன் வேலை செய்பவரிடம் சொன்னார். கேட்டவர் அதைத் தன் வயதுக் கூட்டாளிகளிடம் சொல்லவில்லை. மேலதிகாரியிடம் மட்டும் சொன்னார், அதுவும் சீட்டுக்காசு யார் பொறுப்பில் இருக்கவேண்டும் என்று பேச்சு வந்த நாளில். “நான் எத்தினை தரம் சொன்னனான், கேக்கேல்ல” என்று தன் புத்தியையும் சேர்த்துச் சொன்னார். கடன்பட்டவர் நேரே கேட்டபோது அவர் வாயில் முதலில் வந்த வார்த்தை, “ஆர் உங்களுக்குச் சொன்னது?” அங்கே கேட்ட ஆள் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆள், சொன்ன நேரம் இலாபம் தரும் நேரம், சொன்ன விதத்தில் ஒருவர் கீழே போக மற்றவர் மேலே வருகிறார், பிடிபட்ட பிறகு செய்ததைவிடப் பிடிபட்டதுதான் கவலை. உங்கள் அக்காவின் கதையில் இவற்றில் ஒன்றையும் நான் காணவில்லை. இதுவரை காணவில்லை என்று மட்டும் சொல்கிறேன். கடைசி அடையாளம், நீங்கள் கேட்கும் நாளில்தான் தெரியும்.

ஆகவே கேளுங்கள். விடவேண்டாம். விட்டால் அவ இன்னும் இரண்டு பேருக்கு நல்ல மனதோடு சொல்வா, நீங்கள் இன்னும் இரண்டு வேர் மருந்து கேட்பீர்கள்.

வானில் கேட்கவேண்டாம், ஆசிரியர் அறையிலும் வேண்டாம். வட்ஸ்அப்பில் வொய்ஸ் அனுப்பிக் கேட்பது எல்லாவற்றிலும் மோசம். அது உங்கள் குரலிலேயே இன்னொருவர் கைக்குப் போகும். பாடசாலை விட்டு வான் வரும்வரை நிற்கும் நேரத்தில், பிள்ளைகள் போன பிறகு மரத்தடிப் பக்கம் கொஞ்சம் தள்ளி நின்றால் போதும். ஐந்து நிமிடத்துக்கு மேல் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

“ஏனக்கா சொன்னீங்கள்?” என்று தொடங்கவேண்டாம். ஏன் என்று கேட்டால் காரணம்தான் வரும், காரணம் எப்போதும் நல்லதாகவே இருக்கும். திரும்பி வந்ததில் இருந்து தொடங்குங்கள். “அக்கா, நான் உங்களுக்குச் சொன்ன மருந்து விசயம் பள்ளிக்கூடத்தில வேற ஆக்களுக்கும் தெரிஞ்சிருக்கு. எனக்கு அது பெரிய சங்கடமா இருக்கு. நான் உங்களுக்கு மட்டும் எண்டுதான் சொன்னனான், அதை அண்டைக்குத் திறந்து சொல்லேல்ல.” இவ்வளவும்தான். மற்ற ரீச்சரின் பெயரைச் சொல்லத் தேவையில்லை. சொன்னால் கதை உங்களை விட்டு அவர்கள் இருவருக்கும் இடையிலான வழக்காகிவிடும். பிறகு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அந்த மௌனத்தை நிரப்ப நீங்களே “பரவாயில்லை அக்கா” என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் பெண்கள் பத்தில் ஒன்பது பேர் அந்த இடத்தில்தான் கவிழ்கிறார்கள். இது என் அனுபவக் கணக்கு, ஆராய்ச்சிக் கணக்கு இல்லை.

“ஐயோ பிள்ளை, நான் யோசிக்கேல்லையே” என்று முகம் மாறினால், பாதிக் கவலை தீர்ந்தது. “நல்லதுக்குத்தானே சொன்னனான், இதில என்ன ஒளிப்பு?” என்று சொன்னால் கோபம் வரும், ஆனால் அதுவும் கெட்ட குறி இல்லை. அவவுக்கு இது இரகசியமாகவே படவில்லை என்று அர்த்தம், இப்போது நீங்கள் சொல்லிக் கொடுக்கலாம்: “உங்களுக்கு அப்பிடித் தெரியலாம் அக்கா. எனக்கு ஒவ்வொரு மாசமும் ஆக்கள் வயித்தைப் பாக்கிறதைத் தாங்கேலாது.” முதல் கேள்வியே “ஆர் சொன்னது, அவவோ?” என்று வந்து, அதிலேயே சுற்றிக்கொண்டு நின்றால் மட்டும் கவனமாக இருங்கள். அப்போதும் பெயர் சொல்லவேண்டாம்.

யார் யாருக்குச் சொன்னா என்று பட்டியல் கேட்பதிலும் பயனில்லை. எங்களுக்கு ஒரு விசயத்தை யார் சொன்னார் என்பது ஓரளவு ஞாபகம் இருக்கும். நாங்கள் அதை யாருக்குச் சொன்னோம் என்பது அதைவிடக் குறைவாகத்தான் நிற்கும். 2009 இல் கனடாவில் செய்த ஒரு சோதனையில் இது தெளிவாகத் தெரிந்தது. அக்கா “ஒராளுக்குத்தான்” என்று சொல்லி, பிறகு மூன்று பேர் என்று தெரிந்தால் நீங்கள் அதைப் பொய் என்று முடிவு கட்டுவீர்கள். அவவுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லாமல் இருக்கலாம். போனதைத் திருப்பி எடுக்க முடியாது, இனிப் போகாமல் நிறுத்தலாம். ஆகவே ஒன்றை மட்டும் கேளுங்கள்: “இனி ஆரும் கேட்டால், அது அவவைத்தான் கேக்கவேணும் எண்டு சொல்லிவிடுங்கோ.” இது செய்யக்கூடிய, செய்தாரா என்று பார்க்கக்கூடிய ஒன்று. பெருமைக் குணமா, கவனயீனமா என்பதற்கு இதுவே உண்மையான சோதனை. நெருக்கத்தில் பெருமைப்பட்டவருக்கு இந்தப் பொறுப்பே பிடிக்கும், உங்களைக் காக்கும் ஆளாகிவிடுவா. கவனயீனமானவர் இரண்டு மாதம் கவனமாக இருந்து பிறகு ஒரு நாள் மறப்பார். நினைவூட்டினால் திரும்பக் கவனமாக இருப்பார். உங்களைக் கீழே வைத்துத்தான் தன் உயரத்தைக் காண்கிறவருக்கு, “அவவைத்தான் கேளுங்கோ” என்ற வசனம் வாயில் வரவே வராது.

சிலர், பொய்யாக ஒரு கதையைச் சொல்லி அது வெளியே போகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள். போனால், வாய் காக்கவில்லை என்பது தெரியும், அது ஏற்கெனவே தெரிந்ததுதான். ஏன் என்பது அப்போதும் தெரியாது. அதற்கு மேல், ஒரு பொய்க் கதைக்கும் நீங்கள் ஊருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு திரியவேண்டி வரும்.

அதிபரிடம் நீங்களே போங்கள். இடமாற்ற விண்ணப்பம் எப்படியும் அவர் கையால்தான் வலயக் கல்விப் பணிமனைக்குப் போகும். அவரிடம் மறைக்க முடிந்த விசயம் அல்ல அது. “இன்னும் எழுதேல்ல சேர், யோசிக்கிறன். எழுதினால் முதல் உங்களுக்குத்தான் சொல்லுவன். காரணம் மருத்துவம்” என்றால் போதும். என்ன மருத்துவம் என்று விளக்கத் தேவையில்லை. கோப்பு பல மேசைகள் தாண்டும். வைத்தியச் சான்று வைக்கவேண்டி வந்தால் ஒட்டிய உறையில் வைத்துக் கொடுங்கள்.

கடிதத்தில் நீங்கள் கேட்காத ஒன்று மிஞ்சியிருக்கிறது. இந்த விசயம் உங்களுடையது மட்டும் இல்லை, உங்கள் கணவருடையதும்தான். அக்காவிடம் நீங்கள் சொன்னது அவருக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. பிள்ளை இல்லாத வீட்டில் ஊர் முதலில் பெண்ணைப் பார்க்கும், பிறகு ஆணைப் பற்றி முணுமுணுக்கும். கிளிநொச்சி சின்ன இடம். உங்கள் பாடசாலையில் தெரிந்தது கரடிப்போக்குச் சந்தியில் அவர் தேத்தண்ணி குடிக்கும் கடைக்குப் போக அதிக நாள் எடுக்காது. அங்கே யாரோ ஒருவர் வாயால் அவர் இதைக் கேட்டால், நீங்கள் இன்று அக்காவை நினைத்துக் கேட்கும் கேள்வியை அவர் உங்களை நினைத்துக் கேட்பார். அக்காவோடு கதைப்பது திங்கட்கிழமை இருக்கட்டும். அதற்கு முதல், இந்தச் சனி ஞாயிறுக்குள், “நான் மனம் தாங்காமல் ஒராளுக்குச் சொன்னனான், அது வெளியில போட்டுது” என்று அவரிடம் சொல்லிவிடுங்கள்.